கான்ட் சார்ட்டைப் படிப்பது எப்படி? எந்தப் பட்டை நகரும், எது நகராது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்களும் புதிதாக சைட்டுக்கு வரும் இன்ஜினியர்களும் ஒவ்வொரு வேலையையும் நாள்வரிசையில் ஒரு பட்டையாக வரைந்த கான்ட் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான்: தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு வீடு, ரூஃப் கான்கிரீட் போட்ட நாள் முதல் கிரகப்பிரவேசம் வரை. 60 நாளில் வேலை முடிய வேண்டும், 61-ஆம் நாள் முகூர்த்தம். உதாரணம் எளிமையாக இருக்க எல்லா நாளையும் வேலை நாளாகவே எடுத்திருக்கிறேன்.

| வேலை | நாள் | சார்ட்டில் இடம் | எது முடிந்தபின் |
|---|---|---|---|
| கான்கிரீட் முதல் சென்ட்ரிங் பிரிப்பு வரை | 14 | 1–14 | (தொடக்கம்) |
| கதவு செய்தல், பட்டறையில் | 30 | 1–30 | (தொடக்கம்) |
| சுவர் வெட்டி எலக்ட்ரிக் பைப் பதித்தல் | 5 | 15–19 | சென்ட்ரிங் பிரிப்பு |
| சுவருக்குள் தண்ணீர் பைப் பதித்தல் | 4 | 15–18 | சென்ட்ரிங் பிரிப்பு |
| உள்பூச்சு | 12 | 20–31 | இரண்டு பைப் வேலைகளும் |
| வெளிப்பூச்சு | 10 | 32–41 | உள்பூச்சு (அதே கொத்தனார் செட்) |
| டைல்ஸ் | 8 | 32–39 | உள்பூச்சு |
| ஒயர் இழுத்தல் | 4 | 32–35 | உள்பூச்சு |
| கதவு மாட்டுதல் | 3 | 40–42 | டைல்ஸ், கதவு செய்தல் |
| பட்டி, பிரைமர் | 8 | 42–49 | உள்பூச்சு + 10 நாள் காத்திருப்பு, டைல்ஸ் |
| உள் பெயின்ட் | 6 | 50–55 | பட்டி, கதவு மாட்டுதல் |
| வெளி பெயின்ட் | 4 | 52–55 | வெளிப்பூச்சு + 10 நாள் காத்திருப்பு |
| ஸ்விட்ச், விளக்கு, குழாய் மாட்டுதல் | 3 | 56–58 | உள் பெயின்ட், ஒயர் |
| சுத்தம் செய்தல் | 2 | 59–60 | மாட்டுதல், வெளி பெயின்ட் |

சார்ட் முழுக்க பட்டை பட்டையா இருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும்?

கடைசிப் பட்டையைப் பாருங்கள். இடப்பக்கம் மேலே இருந்து படிக்கத் தொடங்குவதுதான் வழக்கம், ஆனால் அப்படிப் படித்தால் எந்த வேலை எந்தத் தேதியில் என்று மட்டும்தான் தெரியும். வலப்பக்கக் கடைசியில் நிற்கும் பட்டை எது, அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பின்னோக்கிப் போனால்தான் முடிவுத் தேதியை எது பிடித்து வைத்திருக்கிறது என்று புலப்படும்.

ஒரு பட்டையின் இடது ஓரம் வேலை தொடங்கும் நாள், வலது ஓரம் முடியும் நாள், நீளம் எத்தனை நாள் பிடிக்கும் என்பது. வரிசை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. மேலே எழுதியதால் ஒரு வேலை முக்கியமாகிவிடாது.

பட்டைக்கு நடுவுல அம்புக்குறி எதுக்கு? அது இல்லாம படிக்க முடியாதா?

தேதி மட்டும் போதுமென்றால் அம்பு வேண்டாம். எது நகரும், எது நகராது என்று தெரிய வேண்டுமானால் அம்பு இருந்தே ஆக வேண்டும். ஒரு பட்டையின் வலது ஓரத்திலிருந்து கிளம்பி இன்னொன்றின் இடது ஓரத்தில் முடியும் அம்பு, ‘இது முடியாமல் அது தொடங்காது’ என்று சொல்கிறது. நம் அட்டவணையின் கடைசிப் பத்தி அந்த அம்புகள்தான்.

ஹென்றி கான்ட் 1910-களில் இந்த வகைச் சார்ட்டுகளைப் பரப்பியபோது அவற்றில் இந்த இணைப்புகள் கிடையாது. எந்தச் சங்கிலி முடிவுத் தேதியை நிர்ணயிக்கிறது என்று கணக்குப் போடும் கிரிட்டிக்கல் பாத் முறை 1950-களின் கடைசியில்தான் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது. பட்டையும் அம்பும் வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. இன்றைக்கும் பல சார்ட்டுகளில் பட்டை மட்டும் இருந்து அம்பு இல்லாமல் போவதைப் பார்க்கலாம். அப்படி ஒன்று கையில் வந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஸ்லாக்னா என்ன? வேலை நடக்காம சும்மா கிடக்குற நாளா?

இல்லை. ஒரு வேலை தள்ளிப்போனாலும் வீடு முடியும் தேதி தள்ளிப்போகாமல் இருக்க எத்தனை நாள் இடம் இருக்கிறது என்பதே ஸ்லாக். கட்டுமானத்தில் சிலர் இதை ஃப்ளோட் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

டைல்ஸைப் பாருங்கள். 39-ஆம் நாள் முடிகிறது. அதற்காகக் காத்திருக்கும் பட்டி வேலை 42-ஆம் நாள் தொடங்குகிறது. டைல்ஸ் 41 வரை இழுத்தாலும் பட்டிக்குப் பாதகமில்லை. ஆக டைல்ஸுக்கு ஸ்லாக் 2 நாள். தண்ணீர் பைப் பதிப்பு 18-இல் முடிகிறது, பூச்சு 20-இல் தொடங்குகிறது, அதற்கு ஸ்லாக் 1 நாள். எலக்ட்ரிக் பைப் 19-இல் முடிகிறது, மறுநாளே பூச்சு. அதற்கு ஸ்லாக் சுழி.

படத்தில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே தெரியும் வெற்றிடம் எப்போதும் ஸ்லாக் ஆகாது என்பதையும் கவனியுங்கள். உள்பூச்சு முடிந்து பட்டி தொடங்கும் வரை 10 நாள் காலியாகத்தான் தெரியும், ஆனால் அதில் ஒரு நாள்கூட உங்களுக்குச் சொந்தமில்லை. அதற்கென்றே தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

நகரவே கூடாத பட்டை எதுன்னு கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கடைசியிலிருந்து பின்னால் வாருங்கள். ஒவ்வொரு பட்டையிலும் நின்று, ‘60-ஆம் நாள் தவறாமல் இருக்க இது எப்போதைக்குள் முடிந்தாக வேண்டும்?’ என்று கேளுங்கள்.

சுத்தம் செய்ய 2 நாள், அது 59-இல் தொடங்கியே ஆக வேண்டும். எனவே ஸ்விட்ச், குழாய் மாட்டும் வேலை 58-க்குள் முடிய வேண்டும். அதற்கு 3 நாள், ஆக பெயின்ட் 55-க்குள். பெயின்ட்டுக்கு 6 நாள், ஆக பட்டி 49-க்குள். பட்டிக்கு 8 நாள், 42-இல் தொடங்க வேண்டும். அதற்கு முன் 10 நாள் காத்திருப்பு, ஆக உள்பூச்சு 31-க்குள். பூச்சுக்கு 12 நாள், ஆக எலக்ட்ரிக் பைப் 19-க்குள். அதற்கு 5 நாள், ஆக சென்ட்ரிங் பிரிப்பு 14-க்குள்.

இப்படிக் கிடைத்த ‘முடிந்தாக வேண்டிய நாளும்’ சார்ட்டில் இருக்கும் ‘முடியும் நாளும்’ ஒன்றாக இருந்தால் அந்தப் பட்டை நகரக் கூடாது. வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசமே ஸ்லாக். மேலே சொன்ன சங்கிலியில் எல்லாமே ஒன்றாக வருகின்றன. கூட்டிப் பாருங்கள்: 14 + 5 + 12 + 10 + 8 + 6 + 3 + 2 = 60. இதுதான் இந்த வீட்டின் கிரிட்டிக்கல் பாத். ஒரு பட்டையிலிருந்து இரண்டு மூன்று அம்புகள் கிளம்பினால், எது மிக முன்னதாக முடிக்கச் சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸுக்கு அடுத்து கதவு மாட்டுதலும் இருக்கிறது, பட்டியும் இருக்கிறது. பட்டிதான் 41-க்குள் முடிக்கச் சொல்கிறது, அதனால்தான் முன் பதிலில் 2 நாள் என்று வந்தது.

சார்ட்லயே நீளமான பட்டை கதவு செய்யறதுதான், 30 நாள். அதுதானே முக்கியம்?

நீளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கதவு மாட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள் 49, ஏனெனில் 50-இல் பெயின்ட். மாட்ட 3 நாள், ஆக கதவுகள் 46-ஆம் நாள் மாலைக்குள் பட்டறையில் தயாராகிவிட்டால் போதும். சார்ட்டில் 30-இல் முடிகிறது. 16 நாள் ஸ்லாக்.

மறுபுறம், வெறும் 2 நாள் சுத்தம் செய்யும் வேலையில் ஸ்லாக் சுழி. அது ஒரு நாள் தள்ளினால் முகூர்த்தத்தன்று காலையில் தரையைக் கழுவிக்கொண்டிருப்போம். எந்த வேலை கஷ்டமானது, எது செலவு பிடித்தது என்பதை எல்லாம் கிரிட்டிக்கல் பாத் சொல்வதில்லை. எது முடிவுத் தேதியோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

பூச்சுக்கும் பட்டிக்கும் நடுவுல 10 நாள் யாருமே வேலை செய்யல. அதைக் குறைச்சா தேதியைப் பிடிச்சிடலாமே?

வேலை செய்பவர் இல்லை, ஆனால் சுவர் வேலை செய்துகொண்டிருக்கிறது. பூசிய சுவருக்குச் சுமார் ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும், பிறகு அது உலர வேண்டும். ஈரம் உள்ளே இருக்கும்போதே பட்டி போட்டால் சில மாதங்களில் உப்பிக்கொண்டு வரும், பெயின்ட்டோடு சேர்ந்து உரியும். பட்டி போடும் முன் சுவரின் கீழ்ப்பகுதியிலும் மூலைகளிலும் கருமையான ஈரத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் 10 நாளும் போதவில்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் அப்படி ஆவது சகஜம்.

சென்ட்ரிங் 14 நாளும் இதே வகை. சாதாரண சிமென்ட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 தரும் குறைந்தபட்சக் காலம், 6 மீட்டர் வரையிலான பீம்களின் முட்டுக்கு 14 நாள். கூடுதல் ஆள் போட்டு இந்தப் பட்டையைக் குறைக்க முடியாது. கிரிட்டிக்கல் பாதையில் ஆளால் குறையும் பட்டை எது, காலத்தால் மட்டும் கரையும் பட்டை எது என்று பிரித்துக் குறித்து வையுங்கள். இந்த வீட்டின் 60 நாளில் 24 நாள் காலம் மட்டுமே கரைக்கக் கூடியது.

நிஜத் தேதிகளுக்கு மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. கொத்தனாருக்கு ஞாயிறு விடுமுறை, ஆனால் சுவர் ஞாயிறும் காயும். வேலைப் பட்டைகளை வேலை நாளில் எண்ண வேண்டும், காத்திருப்பைக் காலண்டர் நாளில் எண்ண வேண்டும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் சும்மா 10 நாள் என்று கொடுத்தால் அது வேலை நாளாகவே எண்ணும். உள்பூச்சு 5-ஆம் வரிசையில் இருக்கிறது என்றால், காலண்டர் நாளாக எண்ண முன்வேலைப் பத்தியில் இப்படி எழுத வேண்டும்:

```
5FS+10ed
```

அந்த `e` இல்லாவிட்டால் விடுமுறைகளின் அளவுக்கு முடிவுத் தேதி வீணாகத் தள்ளிக் காட்டும்.

ரெண்டு பட்டை ஒரே தேதியில மேலும் கீழும் இருந்தா, ரெண்டையும் ஒண்ணா செய்யலாம்னுதானே அர்த்தம்?

ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஒரே இடத்தில், ஒரே ஆளை வைத்து, ஒரே நேரத்தில் செய்ய முடியுமா என்பதைச் சார்ட் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

15 முதல் 18 வரை எலக்ட்ரிக் பைப்பும் தண்ணீர் பைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஹாலில் பிளம்பருக்கு வேலை இல்லை, அங்கே மோதல் வராது. சமையலறையிலும் பாத்ரூமிலும் இருவருக்கும் ஒரே சுவர். கெய்ஸர் பாயின்ட்டுக்கு எலக்ட்ரீஷியன் வெட்டும் இடத்திலேயே பிளம்பரின் பைப் வரும். அதனால் பிளம்பர் பாத்ரூமில் தொடங்கும்போது எலக்ட்ரீஷியன் ஹாலில் தொடங்கட்டும் என்று இடத்தைப் பிரித்துக் கொடுத்தால்தான் அந்த மேற்பொருந்தல் உண்மையில் நடக்கும். தவறவிட்டால் பிளம்பருக்கு இருக்கும் 1 நாள் ஸ்லாக் ஒரே பிற்பகலில் தீர்ந்துவிடும்.

32-ஆம் நாளும் அப்படித்தான். டைல்ஸ் தொடங்கும் அன்று கடைசியாகப் பூசிய அறையில் சுவருக்கு இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். டைல்ஸ் மேஸ்திரி முதலில் பூசிய அறையிலிருந்து தொடங்க வேண்டும். பட்டைகள் மேலும் கீழும் வரும் ஒவ்வொரு இடத்திலும் ‘எந்த அறை, யார் ஆள்?’ என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் ஒன்றாக வந்தால் அங்கே மோதல் இருக்கிறது.

வெளிப்பூச்சுக்கு 3 நாள் ஸ்லாக், வெளி பெயின்ட்டுக்கும் 3 நாள் ஸ்லாக். மொத்தம் 6 நாள் இருக்குதானே?

மொத்தமே 3 நாள்தான், இரண்டு பேருக்கும் பொது. வெளி பெயின்ட் 58-க்குள் முடிய வேண்டும், சார்ட்டில் 55-இல் முடிகிறது. அந்த 3 நாளைக் கொத்தனார் செட் எடுத்துக்கொண்டால் வெளிப்பூச்சு 44-இல் முடியும், 10 நாள் காத்திருந்து பெயின்ட் 55-இல் தொடங்கி 58-இல் முடியும். பெயின்டருக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை.

இதனால்தான் ஸ்லாக்கில் இரண்டு வகை சொல்கிறார்கள். முடிவுத் தேதி கெடாமல் எவ்வளவு தள்ளலாம் என்பது மொத்த ஸ்லாக். அடுத்த வேலையின் தொடக்கத்தைக்கூட அசைக்காமல் எவ்வளவு தள்ளலாம் என்பது தனி ஸ்லாக். வெளிப்பூச்சுக்கு மொத்த ஸ்லாக் 3, தனி ஸ்லாக் சுழி. வெளி பெயின்ட்டுக்கு இரண்டுமே 3. கதவு செய்தலுக்கு மொத்தம் 16, தனி 9, ஏனெனில் 40-ஆம் நாள் மாட்டுவதாகத் திட்டம்.

ஆட்களிடம் பேசும்போது தனி ஸ்லாக்கை மட்டும் சொல்லுங்கள் என்பது என் கருத்து. ஆசாரியிடம் ‘39 வரை நேரம் இருக்கிறது’ என்று சொன்னால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ‘46 வரை நேரம் இருக்கிறது’ என்றால் அதன்பின் மாட்டுகிறவருக்கு மூச்சுவிட இடமில்லாமல் போகும். மொத்த ஸ்லாக் திட்டத்தைக் கவனிப்பவரின் கையில் இருக்க வேண்டிய பொதுப்பணம்.

வெளிப்பூச்சுக்குத் தனியா ஒரு கொத்தனார் செட் போட்டா வீடு சீக்கிரம் முடியுமா?

ஒரு நாள்கூட முன்னதாக முடியாது. அட்டவணையில் வெளிப்பூச்சு உள்பூச்சுக்குப் பின்னால் நிற்பதற்குக் காரணம் அதே ஆட்கள் என்பது மட்டுமே. சுவருக்கும் சுவருக்கும் இடையே எந்தக் காத்திருப்பும் இல்லை. தனி செட் வந்தால் வெளிப்பூச்சு 15-இலேயே தொடங்கி 24-இல் முடியும், பெயின்ட் 35 முதல் 38 வரை. ஸ்லாக் 3-லிருந்து 20 ஆகும். ஆனால் 60 நாள் சங்கிலியில் வெளிப்பூச்சு இல்லவே இல்லை, அது அப்படியேதான் இருக்கும்.

அந்தப் பணத்தை உள்பூச்சுக்குக் கூடுதல் ஆளாகப் போட்டு 12 நாளை 10 ஆக்கினால் 2 நாள் மிச்சமாகும். வெளிப்பூச்சுக்குத் தனி செட் தேவைப்படும் சந்தர்ப்பமும் உண்டு: வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது, 32-ஆம் நாள் சாரம் கட்டினால் மழையில் மாட்டிக்கொள்வோம் என்றால், அப்போது 20 நாள் ஸ்லாக்குக்குக் காசு கொடுப்பது நியாயமே. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் வேலை முழுசா முடியறதுக்கு முன்னாடியே பூச்சை ஆரம்பிச்சா என்ன ஆகும்?

இந்த வீட்டில் உண்மையாகவே நாளை மிச்சப்படுத்தும் வழி இதுதான். எலக்ட்ரீஷியன் முதல் 2 நாளில் ஹாலையும் ஒரு படுக்கையறையையும் முழுதாக முடித்துவிட்டால், 17-ஆம் நாள் கொத்தனார் ஹாலில் இறங்கலாம். பாத்ரூமும் சமையலறையும் கடைசியில். பூச்சு 17 முதல் 28 வரை, பின்னால் வரும் எல்லாமே 3 நாள் முன்னால் வந்து, வீடு 57-இல் முடியும்.

சார்ட்டில் இதை வரையும்போது அம்பு மாறும். எலக்ட்ரிக் பட்டையின் முடிவிலிருந்து பூச்சுக்குப் போன அம்பு இப்போது அதன் தொடக்கத்திலிருந்து கிளம்பி, 2 நாள் தள்ளிப் பூச்சின் தொடக்கத்தைத் தொடும். இங்கே ஒரு வினோதம்: எலக்ட்ரிக் பட்டையின் முதல் 2 நாள் மட்டும் நகரக் கூடாதது, மிச்சம் 3 நாளுக்கு இடம் உண்டு. ஒரு பட்டை முழுவதும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாத்ரூம், சமையலறைப் பூச்சு கடைசி 4 நாளில், அதாவது 25-இல் தொடங்குகிறது என்றால், முன்பு 1 நாளே ஸ்லாக் இருந்த தண்ணீர் பைப்புக்கு இப்போது 6 நாள்.

இதிலுள்ள ஆபத்து, எலக்ட்ரீஷியன் ஹாலை ‘முக்கால்வாசி’ முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது. ஒரு பாயின்ட் விட்டுப்போனாலும் பூசிய சுவரை மறுபடி வெட்ட வேண்டும், ஒட்டுப்போட்ட இடம் பெயின்ட்டுக்குப் பிறகும் கோடாகத் தெரியும். கொத்தனார் இறங்கும் முன் அறை அறையாக பாயின்ட்டுகளை எண்ணிச் சரிபார்த்தால் மட்டுமே இந்த மேற்பொருந்தலைச் செய்யுங்கள்.

ஒயர் இழுக்க 20 நாள் ஸ்லாக்னு காட்டுது. அவ்வளவு நிதானமா செய்யலாமா?

கூடாது. அட்டவணையில் ஒயரிலிருந்து ஒரே ஒரு அம்பு கிளம்பி ஸ்விட்ச் மாட்டும் வேலைக்குப் போகிறது. அது 56-இல் தொடங்குவதால், 35-இல் முடியும் ஒயர் வேலையை 55 வரை தள்ளலாம் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு சரி, அம்புதான் குறை. பட்டி போட்ட சுவரில் ஏணியைச் சாய்த்து, அடைத்துக்கொண்ட பைப்பை உடைத்துத் திறந்து ஒயர் இழுத்தால் சுவர் பாழாகும். ஒயரிலிருந்து பட்டிக்கு ஓர் அம்பு இருந்திருக்க வேண்டும். அதைப் போட்டதும் ஸ்லாக் 20-லிருந்து 6 ஆகிவிடும்.

அதிக ஸ்லாக் காட்டும் பட்டையைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விட்டுப்போன அம்பு எப்போதும் ஸ்லாக்கைப் பெரிதாக்கியே காட்டும். நேரம் இருப்பது போலத் தோன்றுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பட்டியலில் ஸ்லாக் மிக அதிகமுள்ள நான்கைந்து வேலைகளை எடுத்து, ‘இது நடக்காமல் வேறு யாராவது தவிப்பார்களா?’ என்று அந்தந்த மேஸ்திரியிடமே கேளுங்கள்.

ஆசாரி 48-ஆம் நாள்தான் கதவு தருவேன்கிறார். 16 நாள் ஸ்லாக் இருக்கே, சமாளிச்சுடலாம்தானே?

30-இல் முடிய வேண்டியது 48-க்குப் போகிறது, 18 நாள் தாமதம். ஸ்லாக் 16. மிச்சம் 2 நாள் நேராக முடிவுத் தேதியில் விழும். கதவு மாட்டுவது 49 முதல் 51, பெயின்ட் 52 முதல் 57, ஸ்விட்ச், குழாய் மாட்டும் வேலை 58 முதல் 60, சுத்தம் 61, 62. முகூர்த்தம் தவறும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கிரிட்டிக்கல் பாதையே இடம் மாறிவிட்டது. இப்போது சங்கிலி ஆசாரியின் பட்டறையில் தொடங்குகிறது. பட்டி 49-இல் முடிந்து பெயின்ட் 52-இல் தொடங்குவதால் பட்டிக்கு 2 நாள் ஸ்லாக் வந்துவிட்டது. பட்டி போடுபவரை விரட்டி இனிப் பயனில்லை. ஆசாரியிடம் எல்லாக் கதவும் வேண்டாம், உள்அறைக் கதவுகளை மட்டும் 46-க்குள் கொடுங்கள், வாசற்கதவை உள் பெயின்ட் நடக்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று பேசினால் 60 திரும்பக் கிடைக்கும். ஏதாவது ஒரு பட்டை தன் ஸ்லாக்கைப் பெரும்பாலும் தின்றுவிட்டது என்றால் மேலே சொன்ன பின்னோக்கிய கணக்கை மறுபடி போடுங்கள். ஒரு முறை நகரக் கூடாதது என்று சிவப்பில் குறித்ததை வேலை முடியும் வரை நம்பக் கூடாது.

ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர்ல கடைசி ரெண்டு மூணு பட்டை மட்டும் சிவப்பா வருது. மத்ததெல்லாம் நகரலாமா?

பெரும்பாலும் நகர முடியாது, யாரோ நடுவில் ஒரு தேதியைக் கையால் அடித்திருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் தானாகத் திட்டமிடும் வேலை ஒன்றின் தொடக்கத் தேதியை நீங்கள் தட்டச்சு செய்தால், அது `Start No Earlier Than` என்ற கட்டுப்பாடாக மாறிவிடும். பெயின்ட்டுக்கு 53 என்று யாராவது அடித்துவிட்டால், அதற்கு முன்னால் உள்ள சங்கிலி முழுவதற்கும் 3 நாள் பொய் ஸ்லாக் வந்து சிவப்பு போய்விடும். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு அம்புகளையே தேதி சொல்ல விடுங்கள். வேலைகள் `Manually Scheduled` நிலையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்த நிலையில் அம்பு இருந்தாலும் பின்வேலை தானாக நகராது.

பட்டைகளின் நிறத்தை விட `Total Slack`, `Free Slack` என்ற இரு பத்திகளையும் சேர்த்து எண்ணாகப் படிப்பது நல்லது. 1 நாள், 2 நாள் ஸ்லாக் உள்ள பட்டை சிவப்பாகத் தெரியாது, ஆனால் ஒரு நாள் மழைக்கே அது சிவப்பாகிவிடும். நம் வீட்டில் தண்ணீர் பைப்பும் டைல்ஸும் அப்படிப்பட்டவை.

ஸ்லாக் மைனஸ்ல காட்டுது. சாஃப்ட்வேர் தப்பா?

இல்லை. நீங்கள் கேட்கும் தேதிக்கும் அம்புகள் தரும் தேதிக்கும் உள்ள பற்றாக்குறை அது. முகூர்த்தம் இரண்டு நாள் முன்னால் வந்து, 58-க்குள் வேலை முடிய வேண்டும் என்று ஆனால், கிரிட்டிக்கல் பாதையில் உள்ள ஒவ்வொரு வேலையும் மைனஸ் 2 காட்டும். ஒவ்வொன்றிலும் 2 நாள் குறைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை, சங்கிலியில் எங்காவது மொத்தம் 2 நாள் குறைந்தால் போதும். 1 நாள் ஸ்லாக் இருந்த தண்ணீர் பைப்பும் மைனஸ் 1-க்குப் போயிருக்கும் என்பதால், உள்பூச்சுக்கு முன்னால் குறைப்பதானால் அதையும் சேர்த்தே குறைக்க வேண்டும். பூச்சிலோ அதற்குப் பின்னாலோ குறைத்தால் இரண்டுக்கும் சேர்த்துத் தீரும்.

கான்ட்ராக்டர் எக்செல்ல கட்டம் கட்டமா கலர் அடிச்சுக் கொடுத்திருக்கார். அம்பே இல்ல. இதை வச்சு என்ன செய்யறது?

அப்படியே வைத்துக்கொண்டால் தேதிகளைப் பார்க்கலாம், வேறொன்றும் தெரியாது. அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இது இந்தத் தேதியில் ஏன் தொடங்குகிறது? அதற்கு முந்தின நாள் ஏன் முடியாது?’ அவர் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். இன்ன வேலை முடிந்தால்தான் முடியும் என்றால் அது அம்பு. அதே ஆட்கள் வேறு வேலையில் இருக்கிறார்கள் என்றால் அதுவும் அம்புதான், ஆனால் ஆள் மாறினால் அறுந்துபோகும் அம்பு, வெளிப்பூச்சைப் போல. சும்மா அப்படிப் போட்டேன் என்றால் அந்தப் பட்டையை முன்னால் இழுக்கலாம்.

பதில்களைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேலே உள்ள அட்டவணையின் கடைசிப் பத்தியைப் போல. பூச்சுக்குப் பின் எத்தனை நாள் விடுவார், சென்ட்ரிங் எத்தனை நாளில் பிரிப்பார் என்று காத்திருப்புகளைத் தனியாகக் கேளுங்கள். கலர் அடித்த சார்ட்டில் அவை வெற்றுக் கட்டமாகவே கிடக்கும், நாள் போதாதபோது முதலில் காணாமல் போவதும் அவைதான். அவர் தந்த சார்ட்டில் உள்பூச்சு முடிந்த மறுநாளே பட்டி தொடங்கியிருந்தால், அவர் சொல்லும் முடிவுத் தேதியோடு 10 நாளைக் கூட்டிக்கொண்டு முகூர்த்தம் குறியுங்கள்.